‘படி’ என்று பெயர் வைக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

வணிகப் பெயர்களும் விளம்பர வாசகங்களும் எழுதித் தரும் தொழிலில் இருப்பவன் நான். இரு பொருள் தரும் தமிழ்ச்சொல் ஒன்றை வணிகப் பெயராக்குவதற்கு முன் அதை எப்படியெல்லாம் படித்துப் பார்க்க வேண்டும் என்பதை, ஒரே ஒரு பெயரை வைத்து இன்று விளக்க விரும்புகிறேன்.

செந்தூலில் டியூஷன் நிலையம் தொடங்க எண்ணிய அக்காவும் தங்கையும் என்னிடம் வந்திருந்தார்கள். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு, எஸ்.பி.எம். மாணவர்களுக்குத் தமிழ்மொழி வகுப்பு, ஒரு மூலையில் விற்பனைக்குப் புத்தக அலமாரி என்பது அவர்களுடைய திட்டம். பெயரையும் அவர்களே தேர்ந்தெடுத்திருந்தார்கள்: ‘படி’. படி என்றால் பயில். படி என்றால் ஏறிச் செல்லும் படிக்கட்டு. இரண்டெழுத்தில் இரண்டு பொருளும் கல்விக்கு அத்தனை பொருத்தமாக அமைந்திருப்பதைக் கண்டு எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால், ஒரு சொல்லில் நமக்குப் பிடித்த இரண்டு பொருளைக் கண்டுகொண்டால் மூன்றாவது பொருளைத் தேடும் எண்ணம் நம்மை விட்டுப் போய்விடுகிறது. ஆகவே, எந்தப் பெயரையும் முதலில் அகராதிக்குக் கொண்டுபோவது என் வழக்கம்.

இதற்கு இரண்டு அகராதிகள் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பழைய பொருள்களையும் சேர்த்துத் தரும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்று வழக்கில் இருப்பதைக் காட்டும். முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாத பொருளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ‘படி’ என்பது அரிசி அளக்கும் அளவு; சம்பளத்தோடு தரும் பயணப்படி; ஒன்றின் நகல். ‘சொன்னபடி’, ‘முறைப்படி’ என்று பிற சொற்களோடு ஒட்டி வரும் இடைச்சொல்லும் அதுவே. வினையாகக் கொண்டால், ‘படித்தான்’ என்பது ஒன்று. தூசு ‘படிந்தது’, பேரம் ‘படிந்தது’ என்பது வேறொன்று. இவற்றுள் நகல் என்ற பொருளைக் கண்டு தங்கை சற்றுத் தயங்கினார். தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் இடத்துக்கு நகலெடுப்பது என்று பொருள்படும் பெயரா என்று கேட்டார். செந்தூலில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரில் ‘படியெடுத்தல்’ என்ற சொல்லை அன்றாடம் ஆள்பவர் அரிது என்பதால், அதை ஒதுக்கிவிடலாம் என்று சொன்னேன். ஒரு பொருள் அகராதியில் இருப்பதைவிட, வாடிக்கையாளரின் வாயில் இருக்கிறதா என்பதுதான் அதன் கனத்தை முடிவு செய்கிறது.

அடுத்து, சொல்லைத் தொடர்களுக்குள் வைத்துப் பார்த்தோம். பெயர்ப்பலகையில் பெயர் தனியாக நிற்கும். பேச்சில் அது வேற்றுமை உருபு ஏற்றும், மற்றச் சொற்களோடு ஒட்டியும்தான் வரும். ‘தம்பி படிக்குப் போயிருக்கிறான்’, ‘படியில் சேர்த்துவிட்டேன்’, ‘இன்றைக்குப் படி மூடியிருக்கிறது’ என்று இருபது வாக்கியங்கள் எழுதி உரக்கப் படிக்கச் சொன்னேன். பெரும்பாலானவை தாங்கின. சில தாங்கவில்லை. தொலைபேசியில் ஒரு தாயார், ‘நீங்கள் சொன்ன படி எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால், ‘சொன்னபடி’ என்றே காதில் விழுகிறது. ‘நாங்கள் நடத்தும் படி’ என்று விளம்பரத்தில் அறிவித்தால், கேட்பவர் வாக்கியம் முடியவில்லை என்று காத்திருப்பார். எழுத்தில் ஓர் இடைவெளி காப்பாற்றிவிடும் இந்த வேறுபாட்டைக் காது காப்பாற்றாது. வானொலியிலோ தொலைபேசியிலோ ஒலிக்கப்போகும் பெயர் என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

இனி, நம் நாட்டுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பெயர் தமிழ் எழுத்தில் மட்டும் வாழ்வதில்லை. எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தின் பதிவுச் சான்றிதழிலும், கைப்பேசி வரைபடத்திலும், வங்கிக் கணக்கிலும் அது ரோமன் எழுத்தில்தான் நிற்கும். பெயர்ப்பலகையில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்பது மாநகர் மன்றத்தின் விதி. தேசியப் பள்ளியில் படித்துத் தமிழ் பேச மட்டுமே தெரிந்த நம் பிள்ளைகள் பலரும் ரோமன் எழுத்தைத்தான் முதலில் வாசிப்பார்கள். அந்த எழுத்துக்கு மாறியவுடன் குறில், நெடில் வேறுபாடு போய்விடுகிறது. நடராஜா என்ற பெயரில் வரும் டகரத்துக்கும் தேவி என்ற பெயரில் வரும் தகரத்துக்கும் நாம் ஒரே எழுத்தைத்தான் எழுதுகிறோம். ஆகவே Padi என்று எழுதினால் அதைப் படி என்றும், பாடி என்றும், பதி என்றும், பாதி என்றும் வாசிக்கலாம். கல்வி நிலையத்துக்குப் ‘பாதி’ என்ற பெயர் உதவாது. ‘பாடி’ என்றால் பாட்டுப் பாடி என்பதோடு, பெண்களின் உள்ளாடையையும் அந்தச் சொல்லால் குறிப்பதுண்டு. பதினைந்து வயதுப் பையன்கள் நிறைந்த வகுப்பில் அது எங்கே போய் முடியும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட, Padi என்பது மலாய்மொழியில் நெல். இந்த நாட்டில் அந்த எழுத்துகளைக் காணும் எவருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். தங்கைக்கு முகம் வாடிவிட்டது. ஆனால், வேற்றுமொழிப் பொருள் என்பதாலேயே அது கேடாகிவிடாது என்று நான் சொன்னேன். ‘இக்குட் ரெஸ்மி பாடி, மாகின் பெரிசி மாகின் துண்டோக்’ என்ற மலாய்ப் பழமொழியைப் பள்ளியில் படிக்காதவர் இங்கே உண்டா? மணி முற்ற முற்றத் தலை தாழும் நெற்கதிர் போல இரு என்று, கற்றவனுக்குப் பணிவைச் சொல்லும் பழமொழி அது. உருவில் சிறியவர், காரத்தில் பெரியவர் என்பதற்குச் ‘சிலி பாடி’ என்று சொல்கிறோம். இரண்டுமே படிக்கும் பிள்ளைக்கு ஏற்ற புகழ்ச்சிகள். அடுத்த வீட்டு மலாய்க்காரர் பலகையைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை.

கேடு வேறோர் இடத்தில் இருந்தது. மலாயில் பெயருக்குப் பின்னால் வரும் சொல் முன்னால் நிற்பதை விளக்கும். ‘பூசாட் துயிஷேன் பாடி’ என்று பலகையில் எழுதினால், நெல் பற்றிய டியூஷன் நிலையம் என்று படிக்க இடமிருக்கிறது. கைப்பேசியில் Padi என்று தேடினால் நெல்லும் அரிசியும் வயலும் வரிசை கட்டி வரும். செந்தூலில் இருக்கும் ஒரு சிறு வகுப்பு அந்தக் கூட்டத்தில் மேலே வருவது கடினம். இது பொருள் சார்ந்த அவமானம் இல்லைதான். என்றாலும், புதிய தொழிலுக்கு அதைவிடப் பெரிய இழப்பு.

இவ்வளவும் நாங்களாகவே கண்டவை. நாமாகக் காண முடியாதவற்றுக்கு மற்றவர்களிடம் போக வேண்டும். கேட்கும் முறை முக்கியம்: ‘இந்தப் பெயர் நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் மரியாதைக்கு ‘நன்று’ என்றுதான் சொல்வார்கள். வெள்ளைத்தாளில் பெயரை மட்டும் எழுதி, தொழிலைச் சொல்லாமல், ‘இது என்ன கடையாக இருக்கும்?’ என்று கேட்க வேண்டும். சிலரிடம் தமிழ் எழுத்தில், சிலரிடம் ரோமன் எழுத்தில், சிலரிடம் தொலைபேசியில் பெயரைச் சொல்லி, கேட்டதை எழுதச் சொல்ல வேண்டும். அக்காவும் தங்கையும் தங்கள் மாமியார், தேவாரம் கற்பிக்கும் ஐயா, எதிர்க்கடை மலாய்க்கார அம்மா, உறவுக்காரப் பிள்ளைகள் எனப் பலரிடமும் கேட்டு வந்தார்கள். மாமியாருக்குப் ‘படி’ என்றதும் ‘படியளக்கிறவன்’ என்று இறைவன் நினைவுக்கு வந்திருக்கிறான். அரிசிக்கடையா என்று கேட்டிருக்கிறார். ஐயாவுக்கு வாசற்படி. பிள்ளைகள் சொன்னதைத்தான் நாங்கள் மூவரும் எதிர்பார்க்கவில்லை. ‘எப்போ பாத்தாலும் படி, படின்னு… இங்கயுமா?’ என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான்.

பெரியவர்கள் வினைப்பொருளைப் பாராட்டுகிறார்கள். அந்த வினை ஏவல் என்பதை, ஏவப்படுகிறவன்தான் உணர்கிறான். தாளில் ‘படி’ என்பது இனிய சொல். வீட்டில் அது தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லும் குரல். பிள்ளை விரும்பி வர வேண்டிய இடத்துக்கு இந்தப் பொருளைச் சுமத்த முடியாது. என் கணக்கில், நெல்லைவிடவும் உள்ளாடையைவிடவும் இதுவே பெயரை வீழ்த்திய பொருள்.

சட்டத்தின் பக்கமும் அதே வினைப்பொருள்தான் தடையாக நின்றது. எஸ்.எஸ்.எம்.-இல் ஆண்டுக்கு 60 வெள்ளி கட்டி வணிகப் பெயரைப் பதிந்துவிட்டால் பெயர் தம்முடையதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தொழில் நடத்தும் பதிவு மட்டுமே. பிறர் அந்தப் பெயரைப் பயன்படுத்தாமல் தடுக்க, 2019-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின்கீழ், அறிவுசார் சொத்துக் கழகமான மைஐப்போவில் சின்னத்தைப் பதிய வேண்டும். தமிழ்ச்சொல் என்றால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் விண்ணப்பத்தில் தர வேண்டும். கற்பித்தல் சேவை 41-ஆம் வகுப்பில் வருகிறது. அங்கே ‘படி’ என்பதற்குப் ‘பயில்’ என்று பொருள் எழுதிக் கொடுத்தால், சேவையின் தன்மையை நேரடியாகச் சொல்லும் சொல்லை ஒருவருக்கு மட்டும் உரிமையாக்க முடியாது என்று பதிவாளர் ஆட்சேபிக்க இடமுண்டு. அதே சொல் அரிசி விற்பவருக்கானால் மலாய்ப் பொருளால் அந்தச் சிக்கல் வரும். சைக்கிள் கடைக்கானால் இரண்டுமே வராது.

இறுதியில் அவர்கள் வந்து சேர்ந்தது ‘படிப்படி’ என்ற பெயருக்கு. இதில் படிக்கட்டு முன்னால் வருகிறது, பயிலுதல் பின்னணியில் ஒலிக்கிறது, ஏவல் மங்கிவிடுகிறது. பையனிடம் மறுபடியும் காட்டியபோது, ‘ஸ்டெப் பை ஸ்டெப்பா?’ என்று கேட்டானாம். ஆனால் இந்தப் பெயர் நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு ஒற்றெழுத்தில்தான். ‘ப்’ விடுபட்டு ‘படி படி’ என்றானால் பழைய நச்சரிப்பு இரட்டிப்பாகத் திரும்பிவிடும். ரோமனில் Padi Padi என்று பிரித்து எழுதினால், மலாயில் நெல்வகைகள் என்று பொருள்பட்டு முதல் சிக்கலுக்கே போய்விடுவோம். ஆகவே Padippadi என்று, இரட்டைப் ‘பி’யோடு ஒரே சொல்லாக எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். பலகை எழுதுபவருக்கும், முத்திரை செய்பவருக்கும், கல்வி இலாகாவுக்குத் தரும் டியூஷன் நிலையப் பதிவுப் படிவத்துக்கும், மைஐப்போ விண்ணப்பத்துக்கும் அதே எழுத்துக்கூட்டல் போக வேண்டும் என்பதால், தமிழிலும் ரோமனிலும் பெயரைத் தட்டச்சு செய்த ஒரு தாளை இருவரும் கைப்பையில் வைத்துக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் தீரவில்லை. நீளமான பெயரை மக்கள் சுருக்கிவிடுவார்கள். ‘படிப்படி’ நாளடைவில் பேச்சில் ‘படி’ ஆகலாம். அதைத் தடுக்க வழியில்லை. சுருங்கிய வடிவத்தில் இழிபொருள் இல்லை என்பதையும், பலகையிலும் பதிவிலும் முழுப்பெயரே நிற்கும் என்பதையும் உறுதிசெய்துகொண்டுதான் பலகைக்கு முன்பணம் கொடுத்தார்கள்.