திர்ஹம் அசையாது, ரூபாய் நிற்காது: துபாய் சம்பளம் ஊருக்கு வரும்போது என்ன ஆகிறது?

[திரையில்: எக்ஸ்சேஞ்ச் கவுன்டரின் ரேட் பலகை. இந்திய ரூபாய், பாகிஸ்தான் ரூபாய், இலங்கை ரூபாய் என்று வரிசை.]

2022 மார்ச் தொடக்கத்தில் துபாயில் பணம் அனுப்பப் போனவர்கள் பலகையில் பார்த்தது இதுதான்: ஒரு திர்ஹத்துக்கு இந்திய ரூபாய் சுமார் 21, இலங்கை ரூபாய் சுமார் 55. அதே ஆண்டு மே மாத நடுவில் இந்திய ரூபாய் அப்போதும் 21தான். இலங்கை ரூபாய் மட்டும் 98 பக்கம் போயிருந்தது. இரண்டு மாதத்தில் இவ்வளவு. வரிசையில் நின்ற இரண்டு பேரும் ஒரே கம்பனியில் ஒரே சம்பளம் வாங்கியிருக்கலாம்.

இந்த வீடியோவில் அந்த இலங்கை ரூபாய் ரேட்டைத்தான் பார்க்கப்போகிறோம். அது ஏன் அப்படி ஏறியது, ஏறியதால் வீட்டில் உண்மையிலேயே காசு கூடியதா, பிறகு இறங்கியபோது யாருக்கு அடி விழுந்தது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

[திரையில்: 1 டாலர் = 3.6725 திர்ஹம்]

முதலில் திர்ஹத்தின் கதை. அது சின்னது. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம். 1997இலிருந்து இதே எண். எமிரேட்ஸ் மத்திய வங்கி இந்த விலைக்கு டாலரை வாங்கவும் விற்கவும் தயாராக நிற்கிறது. எண்ணெய் விற்ற டாலர் கையில் இருப்பதால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடிகிறது. சவூதி ரியாலுக்கு 3.75, கட்டார் ரியாலுக்கு 3.64. குவைத் மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறது. 2007இலிருந்து அங்கே தினாரைப் பல நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடையோடு கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே துபாயில் சம்பளம் வாங்குகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, டாலரில்தான் சம்பளம் வாங்குகிறார். ஊர்க் கணக்கு ஒரே வகுத்தலில் முடிந்துவிடும்:

[திரையில்: ஒரு திர்ஹத்துக்கு எத்தனை ரூபாய் = ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் ÷ 3.6725]

கீழே இருக்கும் எண் மாறாது. அப்படியென்றால் பலகையில் நீங்கள் பார்க்கும் ஏற்ற இறக்கம் எல்லாம் மேலே இருக்கும் எண்ணிலிருந்து வருவது. ‘திர்ஹம் ஏறிவிட்டது’ என்று சொல்கிறோமே, பெரும்பாலும் திர்ஹம் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

சரி, மேலே இருக்கும் எண்ணுக்கு என்ன ஆனது?

2021 கடைசியில் இலங்கை மத்திய வங்கியும் டாலரைக் கட்டித்தான் வைத்திருந்தது, 200, 203 ரூபாய் அளவில். ஆனால் எமிரேட்ஸிடம் இருந்தது இங்கே இல்லை. கையிருப்பு டாலர் கரைந்துகொண்டே வந்தது. வங்கிக்குப் போனால் 200 ரூபாய். ஆனால் எரிபொருளோ மருந்தோ இறக்குமதி செய்ய அந்த விலைக்கு டாலர் கேட்டால் கிடைக்காது. விலை இருக்கிறது, சாமான் இல்லை என்ற நிலை.

அப்படியான நேரத்தில் இன்னொரு விலை தானாக முளைக்கும். உண்டியல்காரர் 230, 240 என்று கொடுக்கத் தொடங்கினார். துபாயில் திர்ஹத்தை அவருடைய ஆளிடம் கொடுத்தால் போதும், மட்டக்களப்பில் வீட்டு வாசலில் ரூபாய் வந்துவிடும். டாலர் நாட்டுக்குள் வராது. வெளியிலேயே இறக்குமதிக்காரருக்கு விற்கப்பட்டுவிடும்.

அரசு சும்மா இருக்கவில்லை. வங்கி வழியாக அனுப்பினால் டாலருக்கு 2 ரூபாய் கூடுதல் என்று இருந்ததை, 2021 டிசம்பரில் இன்னொரு 8 சேர்த்து 10 ஆக்கினார்கள். அப்போதும் 210தான். 326 டாலர் அனுப்புகிறவருக்கு வங்கிக்கும் உண்டியலுக்கும் இடையில் ஏறத்தாழ 10,000 ரூபாய் வித்தியாசம். கிட்டத்தட்ட ஒரு மாத மளிகைச் செலவு அது. அவருக்கு நாட்டுப்பற்றைப் பற்றி யார் பாடம் எடுப்பது? 2020இல் சுமார் 7.1 பில்லியன் டாலராக இருந்த தொழிலாளர் பணம் 2021இல் 5.5க்கும், 2022இல் 3.8க்கும் இறங்கியது. வெளிநாட்டில் இருந்தவர்கள் அனுப்புவதை நிறுத்தியதால் மட்டும் இப்படி ஆகியிருக்காது. வழியை மாற்றியவர்கள் ஏராளம்.

2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. 230க்கு மேல் போகாது என்பது எதிர்பார்ப்பு. ஒரு வாரம்கூட அது நிற்கவில்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. மே நடுவில் டாலர் 360.

[திரையில்: கணக்குப் பலகை]

இப்போது ஒருவரை எடுத்துக்கொள்வோம். துபாயில் 1,800 திர்ஹம் சம்பளம். சாப்பாடு, போன் எல்லாம் போக மாதம் 1,200 திர்ஹம் ஊருக்கு. செலவு, கட்டணம் எல்லாவற்றையும் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். 1,200 திர்ஹம் என்றால் 326.75 டாலர்.

டாலர் 200ஆக இருந்தபோது வீட்டுக்குப் போனது 65,350 ரூபாய்.
டாலர் 360ஆனபோது 117,630 ரூபாய்.

அம்மா போனில் கேட்பார்: “மகன், ரேட் ஏறியிருக்காம். இனி காசு கூட வரும்தானே?”

வரும். ஐம்பத்திரண்டாயிரம் கூட வரும். ஆனால் அந்தக் காசோடு கடைக்குப் போவோம். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பொருட்களின் விலை, முந்தைய செப்டம்பரைவிட 69.8 சதவீதம் ஏறியிருந்தது. 2021 செப்டம்பரில் 65,350 ரூபாய்க்கு வாங்கிய அதே சாமான்களை வாங்க இப்போது சுமார் 111,000 வேண்டும். வந்தது 117,630. மிச்சம் ஆறாயிரத்துச் சொச்சம். இதுதான் அந்த ஐம்பத்திரண்டாயிரத்தின் நிஜ அளவு.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். அந்த 69.8 என்பது எல்லாப் பொருளுக்கும் சேர்த்த சராசரி. உணவுப் பொருட்களை மட்டும் எடுத்தால் ஏற்றம் 94.9 சதவீதம். அனுப்பும் பணம் முழுக்க அரிசி, பருப்பு, பால்மா என்றே போகும் வீடாக இருந்தால், பழைய சாமானுக்கு இப்போது 127,000க்கு மேல் வேண்டும். அந்த வீட்டில் ரேட் 98க்கு ஏறிய பிறகும் பற்றாக்குறைதான். ஆனாலும் ரூபாயில் சம்பளம் வாங்கிய பக்கத்து வீட்டு ஆசிரியரின் நிலையோடு ஒப்பிட்டால் இவர்கள் தப்பித்தவர்கள். அவருடைய சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை, அவரும் அதே கடையில்தான் சாமான் வாங்க வேண்டும்.

அப்படியானால் யாருக்குத்தான் லாபம்? ஊரில் ரூபாய்க் கடன் வைத்திருந்தவருக்கு. வெளிநாடு போக வாங்கிய கடன் 5 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். டாலர் 200ஆக இருந்தபோது அதை அடைக்கச் சுமார் 9,180 திர்ஹம் வேண்டும். 360இல் 5,100 திர்ஹம் போதும். கடையில் விலை ஏறும், கடன் பத்திரத்தில் எழுதிய தொகை ஏறாது. அந்தச் சில மாதங்களில் பழைய கடனை அடைத்தவர்கள் நல்ல காரியம் செய்தார்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: வட்டி நிலையானதாக இருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவருக்கு ரேட்டில் கிடைத்தது வட்டியில் போயிருக்கும்.

வீடு கட்ட நினைத்தவர்கள் இதே கணக்கைப் போட்டுச் சிக்கினார்கள். கம்பி, டைல்ஸ், வயர் எல்லாம் டாலரோடு சேர்ந்து ஏறும் சாமான்கள். நகையும் அப்படித்தான், உலகச் சந்தையில் தங்கத்துக்கு விலை டாலரில். மேசன் கூலி மட்டும் மெதுவாக ஏறும். ரேட் ஏறியது என்று அவசரமாக அத்திவாரம் வெட்டினால், லாபம் கூலியில் மட்டும்தான் தெரியும்.

[திரையில்: அதே கோடு இப்போது கீழே இறங்குகிறது]

அப்புறம் வந்தது பலர் எதிர்பார்க்காத பக்கம். 2023இல் ரூபாய் ஏறத் தொடங்கியது. 2024 கடைசியில் டாலர் 293 பக்கம் இருந்தது. நாட்டுக்கு இது நல்ல செய்தி. நம்முடைய ஆளுக்கு? அதே 1,200 திர்ஹத்துக்கு இப்போது 95,740 ரூபாய். சம்பளம் குறையவில்லை, வீட்டுக்குப் போவது மட்டும் மாதம் 22,000 குறைந்துவிட்டது. கடை விலை பழைய இடத்துக்கு இறங்கியதா என்றால், இல்லை. முதலில் ஏறும் வேகம்தான் குறைந்தது, 2024 கடைசியில் விலை கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான்.

இதில் உண்மையான ஆபத்து, உச்ச ரேட்டில் ஒத்துக்கொண்ட மாதத் தவணை. 98 ரேட்டை நம்பி ஒரு காணிக்கு மாதம் 40,000 கட்டுகிறேன் என்று 2022 கடைசியில் கையெழுத்துப் போட்டிருந்தால், அன்று அது 408 திர்ஹம். 2024 கடைசியில் 501 திர்ஹம். அதே தவணை, அதே ரூபாய். இந்தத் தவணையையும் சேர்த்து வீட்டுக்குப் பழையபடி 117,630 ஆகவே அனுப்ப நினைத்தால் 1,474 திர்ஹம் போய்விடும். 1,800இல் மிச்சம் 326. அதில் ஒரு மாதச் சாப்பாடு.

அதனால் ஒரு வருடத்துக்கு மேல் நீளும் எந்தத் தவணையையும், இன்றைய ரேட்டைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைத்துப் போட்டுப் பாருங்கள். 98 என்றால் 78. அந்த ரேட்டிலும் கட்ட முடிந்தால் மட்டும் கையெழுத்து. 2022இல் கேட்டிருந்தால் இது அதிகப் பயம் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் ரேட் போய் நின்ற இடம் அதன் பக்கத்தில்தான்.

‘ரேட் இன்னும் ஏறும், காத்திரு’ என்று அறையில் ஒருவர் எப்போதும் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் பலகையின் மற்ற வரிகளையும் பாருங்கள். இந்திய ரூபாய், பிலிப்பைன்ஸ் பெசோ எல்லாம் சேர்ந்து நகர்ந்தால் டாலர் உலகம் முழுக்கப் பலமாகிறது என்று பொருள். உங்கள் நாட்டு வரி மட்டும் ஓடினால் பிரச்சினை ஊரில். அப்போது விலைவாசி பின்னாலேயே வரும். பணத்தை மாதக்கணக்கில் பிடித்துவைத்தால் ரேட் கூடலாம், வீட்டுக்காரர்கள் அதற்குள் கூடிய விலைக்கு, அதுவும் கடனுக்கு, சாமான் வாங்கியிருப்பார்கள். வீட்டுச் செலவுக் காசை மாதாமாதம் அனுப்பிவிட்டு, சேமிப்புப் பங்கை மட்டும் திர்ஹத்திலேயே விட்டுவைப்பது என் கணக்கில் சரியான வழி.

[திரையில்: ரசீது ஒன்று. ரேட், கட்டணம் இரண்டிலும் வட்டம்.]

கடைசியாகக் கவுன்டரில் ஒரு சின்னச் சோதனை. டாலர் 300 ரூபாய் என்றால், 3.6725ஆல் வகுத்தால் 81.69. கவுன்டரில் 80.70 சொல்கிறார்கள் என்று வையுங்கள். திர்ஹத்துக்கு 99 சதம் குறைகிறது. 1,200 திர்ஹத்துக்கு 1,188 ரூபாய், அதாவது ஏறத்தாழ 15 திர்ஹம். ரசீதில் கட்டணம் என்று தனியாகப் போட்டிருப்பதோடு இந்த 15ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். ‘கட்டணமே இல்லை’ என்று எழுதி வைத்திருக்கும் இடத்தில் இந்த வகுத்தலை முதலில் போடுங்கள்.