குறைப்பட்டியலும் கடைசித் தவணையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பால் காய்ப்புக்கு நாள் குறித்து, பத்திரிகை அடித்து, உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் நம் பக்கத்தில் பலர் புது வீட்டை நிதானமாகச் சுற்றிப் பார்க்கிறார்கள். அதற்குள் காண்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையும் போய்ச் சேர்ந்திருக்கும். பாளையங்கோட்டை வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாகக் கட்டட வேலைகளை மேற்பார்வையிட்டு வரும் நான், சாவி வாங்குமுன் எழுத வேண்டிய குறைப்பட்டியலைப் பற்றி, ஒரே ஒரு குளியலறையை வைத்துப் பேச விரும்புகிறேன்.

பெருமாள்புரத்தில் என் அண்ணன் வீடு முடியும் தறுவாயில் நான் வெளியூர் வேலையில் இருந்தேன். மதினி ஒரு நோட்டில் குறைகளை எழுதி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று, "மாடி பாத்ரூமில் தண்ணீர் நிற்கிறது, சரிசெய்யவும்" என்பது. காண்ட்ராக்டர் அனுப்பிய கொத்தனார் டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்டைத் தேய்த்துவிட்டு, அந்த வரிக்கு நேராக "முடிந்தது" என்று எழுதிச் சென்றுவிட்டார். மறுநாள் குளித்தால் தண்ணீர் அதே மூலையில் நின்றது. கொத்தனார் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு நிற்கிறது, எப்படிப் பார்த்தால் தெரியும் என்ற மூன்றும் அந்த வரியில் இல்லை.

ஊர் திரும்பியதும் மதினியோடு அந்த அறைக்குள் போனேன். ஒரு வாளித் தண்ணீரைத் தரையெங்கும் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தோம். வாசலுக்கு எதிரே, இடப்பக்க மூலையில், இரண்டு சுவர்களிலிருந்தும் ஒரு சாண் அளவுக்குத் தண்ணீர் வடியாமல் கிடந்தது. அதில் போட்ட ஒரு ரூபாய் நாணயம் முழுதும் மூழ்கியது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது, வடிகால் வாயை நோக்கிச் சரிய வேண்டிய வாட்டம் அந்த மூலையில் மட்டும் எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. குளியலறைத் தரைக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலாவது வாட்டம் வேண்டும்; அதாவது ஐந்து அடி நீளத்துக்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேல். வாட்டக்குறை இடுக்கில் சிமெண்ட் தேய்ப்பதால் தீராது.

ஆகவே அந்த வரியை மாற்றி எழுதினோம். "மாடி, மேற்குப் படுக்கையறைக் குளியலறை, வாசலுக்கு எதிரே இடப்பக்க மூலை. ஒரு வாளி நீர் ஊற்றிப் பத்து நிமிடத்துக்குப் பிறகும் ஒரு சாண் பரப்பில் நாணயம் மூழ்கும் ஆழத்துக்கு நீர் நிற்கிறது. இதே சோதனையில் நீர் முழுதும் வடிந்தால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும்." கவனியுங்கள், டைல்ஸை உடையுங்கள் என்று நாங்கள் எழுதவில்லை. குறை எது, தீர்ந்ததற்கு அடையாளம் எது என்பதை எழுதுவதோடு வீட்டுக்காரர் நின்றுகொள்ள வேண்டும். எப்படித் தீர்ப்பது என்பது காண்ட்ராக்டரின் பொறுப்பு. நாமே வழியையும் சொல்லிவிட்டால், அது பலிக்காதபோது, "நீங்கள் சொன்னபடிதானே செய்தேன்" என்ற பதில் வரும்.

இன்னொரு வரியையும் சேர்த்தோம். டைல்ஸைப் பெயர்க்கும்போது அடியிலுள்ள நீர்க்காப்புப் பூச்சு கிழிந்துவிடலாம். அதனால் வேலைக்குப் பின் வடிகால் வாயை அடைத்து, ஓர் அங்குலம் நீர் தேக்கி, 48 மணி நேரம் கீழ்த்தள மேற்கூரையில் ஈரம் தெரிகிறதா என்று வீட்டுக்காரரும் காண்ட்ராக்டரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதினோம்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். நல்ல வேளையாக, ஒப்பந்தத் தொகை 30 லட்சத்தில் 5 சதவீதமான 1,50,000 ரூபாயைக் குறைகள் தீரும்வரை நிறுத்தி வைக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. முதலில் எழுதாததைக் கடைசியில் பிடித்தம் செய்தால் சண்டைதான் வரும். அண்ணன் முழுத் தொகையையும் பிடித்து வைக்க நினைத்தார். நான் வேண்டாம் என்றேன். காண்ட்ராக்டரும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். வேறொரு கொத்தனார் அந்த மூலைக்கு 12,000 ரூபாய் கேட்டார். அதைப்போல ஒன்றரை மடங்காக 18,000 ரூபாயை அந்த வரிக்கு நேராக எழுதினோம். இப்படி ஒவ்வொரு குறைக்கும் எழுதி, தீரத் தீர அந்தந்தத் தொகையை விடுவிப்பதாக அண்ணனும் காண்ட்ராக்டரும் தேதியிட்டுக் கையெழுத்திட்டார்கள். நான்காம் நாளே மூலை உடைபட்டது. வாளிச் சோதனையிலும் தேக்கச் சோதனையிலும் தேறிய அன்று மாலை 18,000 ரூபாய் கைமாறியது.

நேரம் நெருங்கிவிட்டதால் மொட்டை மாடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடையில் சாவி வாங்குகிறவர்களுக்கு மாடி ஒழுக்கு அன்று தெரியாது. அதனால் எல்லாத் தொகையையும் பட்டியலோடு விடுவிக்காமல், ஒரு பகுதியை ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை நிறுத்துவதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அடுக்குமாடி வீட்டைக் கட்டி விற்பவரிடம் வாங்குவோருக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ உள்ள குறையைத் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்யும் கடமையை அவர்மீது வைக்கிறது. அங்கும் குறையைத் தெரிவிக்கும் கடிதத்தில் இடம், அளவு, சோதனை மூன்றும் இருக்கட்டும். வணக்கம்.