அவுட்டோர் ஃபேன் சோர்ந்து சுற்றினால்

நேயர்களுக்கு வணக்கம். இருபத்தாறு வருடமாகச் சென்னையில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். சித்திரை பிறந்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "ராத்திரியில நல்லா கூலிங் வருதுங்க, மத்தியானம்தான் வரமாட்டேங்குது. கேஸ் கம்மியாயிடுச்சா?" என்பார்கள். இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பல வீடுகளில் கேஸ் கம்மியே இல்லை. சுவருக்கு வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் ஃபேன் சோர்ந்து போயிருக்கிறது. அது சோர்ந்ததற்குக் காரணம் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு கெப்பாசிட்டர்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது இன்வெர்ட்டர் இல்லாத, பழைய முறை ஸ்பிளிட் ஏசியைப் பற்றி. இன்வெர்ட்டர் ஏசியின் அவுட்டோரில் ஒரு பெரிய சர்க்யூட் போர்டு இருக்கும். அதிலுள்ள கெப்பாசிட்டர்கள் வேறு வகை. சுவிட்சை அணைத்த பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். அதன் மூடியை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கத்திரி வெயிலில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கூப்பிட்டிருந்தார். ஒன்றரை டன் ஏசி, ஏழு வருடப் பழசு. அந்த மாதத்தில் மட்டும் வேறொருவர் வந்து இரண்டு முறை கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். முதல் முறை இரண்டு நாள் சுமாராக இருந்ததாம். இரண்டாவது முறை ஏற்றியதும் நிலைமை இன்னும் மோசம். மதியம் இரண்டு மணிக்குப் போட்டால் கால் மணி நேரத்தில் வெளியே 'டக்' என்று ஒரு சத்தம், கம்ப்ரசர் நின்றுவிடும். உள்ளே வெறும் காற்று. பத்து, இருபது நிமிடம் கழித்துத் தானே ஓடும், மறுபடியும் 'டக்'. "கம்ப்ரசரையே மாத்தணும்னு சொல்றாங்க தம்பி" என்றார் அந்த அம்மா. கம்ப்ரசர் விலை தெரியுமல்லவா? அவருடைய ஒரு மாதப் பென்ஷனில் பெரும்பகுதி.

நான் மொட்டை மாடிக்குப் போய், கேஜையோ டூல் பையையோ எடுக்காமல், அவுட்டோர் முன்னால் சும்மா நின்றேன். நீங்களும் இதைச் செய்யலாம், எட்டும் தூரத்தில் அவுட்டோர் இருந்தால். ஃபேன் ஆரோக்கியமாகச் சுற்றும்போது இறக்கைகள் தெரியாது, மங்கலான ஒரு வட்டம்தான் தெரியும். அன்று அந்த ஃபேனின் மூன்று இறக்கைகளையும் என்னால் எண்ண முடிந்தது. ஜாலிக்கு அரை அடி முன்னால் உள்ளங்கையைக் காட்டினேன். காற்று கையில் மோதி வேட்டி படபடக்க வேண்டும். வந்ததோ அடுப்பை ஊதி அணைத்த பிறகு வருகிற மாதிரி ஒரு சூடான மூச்சு. கூடவே ஒரு 'ம்ம்ம்' என்ற முனகல். கேட்டுப் பழகியவர்களுக்கு அதுவே போதும்.

சரி, கேஸ் குறைவா ஃபேன் சோர்வா என்று எப்படிப் பிரிப்பது? கேஸ் குறைந்தால் கம்ப்ரசருக்கு வேலை குறையும், அது இழுக்கும் கரண்டும் குறையும். பல சமயம் குழாயிலும் உள்ளே இருக்கும் காயிலிலும் பனி படியும். ஃபேன் சோர்ந்தால் நேர்மாறு. சூடு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் திணறும், கரண்ட் கூடும். அந்த அம்மா வீட்டு யூனிட்டின் லேபிளில் 7.6 ஆம்பியர் என்று போட்டிருந்தது. கிளாம்ப் மீட்டரை மாட்டினால் ஒன்பதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. பனி ஒரு பொட்டுக்கூட இல்லை. கேஸ் குறைந்த மெஷின் இப்படிக் கரண்ட் இழுக்காது. ஏற்கெனவே அழுத்தத்தில் திணறுகிற மெஷினில் மேலும் கேஸை ஏற்றினால் என்ன ஆகும்? இரண்டாவது முறைக்குப் பிறகு மோசமானதற்கு அதுதான் காரணம். ராத்திரி மட்டும் நன்றாக ஓடியதும் இதனால்தான். வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் சோர்ந்த ஃபேனே ஒப்பேற்றிவிடும். மதிய வெயிலில் முடியாது.

அந்தக் கெப்பாசிட்டர் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். படம் போட்டுக் காட்ட வானொலியில் வழியில்லை, ஆனால் பாட்டி வீட்டுத் திருகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருவர் பிடியை முன்னும் பின்னும் மட்டும் தள்ளி இழுத்தால் கல் ஆடும், சுற்றாது. எதிரே இன்னொருவர் உட்கார்ந்து, கொஞ்சம் தாமதமாக, பக்கவாட்டில் தள்ளினால் கல் வட்டமாகச் சுற்றும். ஃபேன் மோட்டாருக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. இரண்டாவது சுருளுக்குப் போகும் கரண்டை முதல் சுருளோடு ஒரே நேரத்தில் விடாமல் தள்ளி அமைப்பதுதான் கெப்பாசிட்டரின் வேலை. கெப்பாசிட்டர் பாதி செத்தால் இரண்டாவது ஆளின் கை தளர்ந்துவிடும். சுத்தமாகச் செத்தால் ஃபேன் முனகிக்கொண்டு நிற்கும். கடற்காற்று எதிர்ப்பக்கம் தள்ளினால் எதிர்ப்பக்கமே சுற்றவும் செய்யும். சீலிங் ஃபேன் மெதுவானால் எலக்ட்ரீஷியன் 'கண்டன்சர் போச்சு' என்று மாற்றிவிட்டுப் போகிறாரே, அதே சங்கதிதான். ஆனால் ஏசியில் கண்டன்சர் என்றால் அவுட்டோரில் இருக்கும் சூடான பெரிய காயிலைச் சொல்வோம். பெயர்க் குழப்பத்தில் காயிலுக்கு விலை கேட்டு அலைந்தவர்கள் உண்டு, அதனால் கடையில் 'ஃபேன் கெப்பாசிட்டர்' என்றே கேளுங்கள்.

அது ஏன் சாகிறது? உள்ளே பிளாஸ்டிக் தாளின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வோல்டேஜ் எகிறும்போது தாளில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை விழும். அந்த இடத்துப் பூச்சு ஆவியாகி, ஓட்டை தானே ஆறிவிடும். ஒவ்வொரு முறை ஆறும்போதும் பூச்சின் பரப்பு கொஞ்சம் குறையும். மேற்குச் சுவரில் வெயில் காய்கிற டப்பாவுக்குள் இது சீக்கிரம் நடக்கும். வெளியே பார்த்தால் உப்பலோ கருகலோ எதுவும் இருக்காது. நான் கழற்றிய செத்த ஃபேன் கெப்பாசிட்டர்களில் நிறைய, பார்வைக்குப் புத்தம் புதுசு. கண்ணால் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லாதீர்கள். அளக்க வேண்டும்.

இப்போது வேலை. மாடி விளிம்பில் ஏறி நின்றோ கயிற்றில் தொங்கியோ செய்யும் இடமாக இருந்தால் அது உங்கள் வேலை இல்லை, ஆளைக் கூப்பிடுங்கள். கரண்ட் வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்களும் அப்படியே. ரிமோட்டில் அணைத்தால் போதாது. எம்.சி.பி.யை இறக்கி, வேறு யாரும் ஏற்றாதபடி பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். மூடியைக் கழற்றியதும் டெஸ்டர் வைத்துக் கரண்ட் வரவில்லை என்று பாருங்கள்.

அப்புறம் கெப்பாசிட்டரைக் காலி செய்ய வேண்டும். சாதாரணமாக மோட்டார் சுருள் வழியே அதுவே காலியாகிவிடும். ஆனால் வயர் முனையை மாட்டும் லக் ஒன்று தளர்ந்திருந்தால் காலியாக வழியில்லாமல் அப்படியே பிடித்து வைத்திருக்கும். பக்கத்தில் இருக்கும் கம்ப்ரசரின் பெரிய கெப்பாசிட்டர் கொடுக்கிற அடியில் ஏணியிலிருந்து விழுந்துவிடலாம். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. பொறி பறக்கும், முனை உருகும், எனக்கு அது பிடிக்காது. குண்டு பல்ப் ஹோல்டரின் இரண்டு வயரையும், இன்சுலேஷனைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முனையிலும் சில நொடி தொட்டு வைப்பேன். எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. பிறகு மீட்டரில் வோல்ட் பூஜ்யம் என்று உறுதி செய்வேன்.

வயர்களைக் கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுங்கள். சில யூனிட்டில் ஃபேனுக்கும் கம்ப்ரசருக்கும் சேர்த்து ஒரே உருளைக் கெப்பாசிட்டர் இருக்கும். அதில் சி, ஃபேன், ஹெர்ம் என்று மூன்று முனை. ஹெர்ம் என்றால் கம்ப்ரசர். அங்கே வயர் மாறினால் மோட்டார் போய்விடும். தனி ஃபேன் கெப்பாசிட்டருக்கு இரண்டே முனை, எப்படி மாட்டினாலும் ஒன்றுதான். அளக்கும்போது வயர்களைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் சுருளும் சேர்ந்து தப்புக் கணக்குக் காட்டும். அந்த அம்மா வீட்டுக் கெப்பாசிட்டரில் 4 மைக்ரோ ஃபேரட், கூட்டிக் கழித்து 5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. அதாவது 3.8 முதல் 4.2 வரை இருக்கலாம். மீட்டர் காட்டியது 2.3.

புதிது வாங்கும்போது அதே 4 தான் வாங்க வேண்டும். 'ஆறு போட்டா ஸ்பீடு கூடும்' என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். அதிகமானால் இரண்டாவது சுருளில் அளவுக்கு மேல் கரண்ட் ஓடி மோட்டார் சூடாகிக் கருகும். மறுபடியும் சொல்கிறேன், 4 என்றால் 4. வோல்ட் 440 இருக்கட்டும். வீட்டுக்கு வருவது 230 தானே என்று 250 போடக்கூடாது, ஓடும்போது கெப்பாசிட்டர் முனைகளில் வீட்டு வோல்டேஜைவிட நிறைய அதிகமாகவே நிற்கும். வெப்ப அளவு 70 என்றும் 85 என்றும் அச்சிட்டு வரும், வெயிலில் நிற்கும் டப்பாவுக்கு 85 எடுங்கள். இரு நூறு ரூபாய்க்குள் முடிகிற சமாசாரம் இது.

மாட்டி, மூடியைப் போட்டு, எம்.சி.பி.யை ஏற்றினேன். இறக்கைகள் மறைந்து வட்டமானது. அந்த அம்மா கையை நீட்டிப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கரண்ட் கொஞ்சம் இறங்கியது, ஆனால் 7.6-க்கு வரவில்லை. ஏற்றிய கேஸ் அதிகம் அல்லவா? அதை சிலிண்டரில் திரும்ப எடுத்து, லேபிளில் எழுதியிருந்த எடைக்கு நிறுத்து ஏற்றிய பிறகுதான் வந்து நின்றது. அந்த வேலைக்கு மறுநாள் வரை ஆனது. கெப்பாசிட்டருக்கு இருபது நிமிடம்.

கம்ப்ரசர் கெப்பாசிட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். மெயின் அணைத்திருக்கும்போது ஃபேனைக் கையால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நாலைந்து சுற்று தளர்வாக ஓடி நின்றால் சரி. கரகரத்து உடனே நின்றால் பேரிங் இறுகியிருக்கிறது. அதற்குக் கெப்பாசிட்டர் எத்தனை மாற்றினாலும் பயனில்லை, மோட்டாரைத்தான் கழற்ற வேண்டும். வணக்கம்.