கூட்டம் வந்தது, லீக் நிலைக்கவில்லை
(சென்னையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் மாலை வணக்கம். பெண்கள் கால்பந்தைப் பற்றிப் பேச வந்தாலே முதல் வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரும்: "அதை யார் சார் பார்க்கிறாங்க?" நல்ல கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1920 டிசம்பர் 26. இங்கிலாந்தின் லிவர்பூலில் உள்ள கூடிசன் பார்க் மைதானம். பிரஸ்டன் நகரத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய டிக் கெர் அணி, செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணியோடு ஆடுகிறது. உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில். நம் பெரியமேடு நேரு ஸ்டேடியம் முழுக்க நிரம்பினாலும் அந்த எண்ணிக்கை வராது. நூறு வருஷத்துக்கு முன்னால், தொலைக்காட்சி இல்லாத காலத்தில், மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். வசூல் போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் போனது.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது, வசூலில் அதிகப் பங்கு செலவுக்கே போகிறது என்று காரணம் சொன்னது. கவனியுங்கள், பெண்கள் ஆடவே கூடாது என்று அந்தத் தீர்மானம் சொல்லவில்லை. உறுப்பினர் கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்கள் ஆட்டத்துக்குத் தரக்கூடாது என்று மட்டும்தான் சொன்னது. அது போதாதா? நல்ல மைதானங்கள் எல்லாம் அந்தக் கிளப்புகளிடம்தான் இருந்தன. கேலரி இல்லாத, டிக்கெட் வாங்க வாசல் இல்லாத திடலில் பந்தை உதைக்கலாம், வசூல் செய்ய முடியாது. டிக் கெர் அணி அதற்கப்புறமும் பல வருஷம் ஆடியது. ஆனால் 53,000 பேரை உட்கார வைக்க இடம் கிடைக்கவில்லை. தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று. "பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது" என்ற பேச்சு அந்த ஐம்பது வருஷத்தில் விளைந்த பயிர் என்பது என் கருத்து.

சரி, தடை போய்விட்டது. தொழில்முறை லீக் ஏன் உடனே வரவில்லை? இதற்கு அமெரிக்காவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1999 பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை கலிஃபோர்னியாவின் ரோஸ் போல் மைதானத்தில் 90,185 பேர் பார்த்தார்கள். அந்தச் சூட்டில் பணக்காரர்கள் சிலர் சேர்ந்து எட்டு அணிகளோடு 2001இல் ஒரு லீக் தொடங்கினார்கள். சுருக்கமாக வூசா என்பார்கள். வாஷிங்டனில் நடந்த முதல் ஆட்டத்துக்கே 34,000க்கு மேல் கூட்டம். முதல் சீசனின் சராசரி சுமார் 8,000. புது லீக்குக்கு இது மோசமே இல்லை.

இப்போது கணக்கு போடுங்கள். ஒரு சீசனுக்குச் சுமார் 80 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு 8,000 பேர் என்றால் மொத்தம் 6,40,000 டிக்கெட். ஒரு டிக்கெட்டில் 10 டாலர் மிஞ்சியது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 64 லட்சம் டாலர் வருகிறது. ஐந்து வருஷத்துக்கு என்று ஒதுக்கி வைத்த நாலு கோடி டாலரை அந்த லீக் முதல் வருஷத்திலேயே செலவு செய்துவிட்டது! பயணம், சம்பளம், அலுவலகம், மைதான வாடகை என்று காசு போன வேகத்துக்கு வாசல் வசூல் ஈடுகொடுக்கவில்லை. மிச்சத்தைத் தொலைக்காட்சியும் விளம்பரதாரர்களும் தர வேண்டும். ஆட்டங்களோ இரண்டாம் வருஷம் சின்ன சேனலுக்குப் போயின, பார்ப்பவர் எண்ணிக்கை சரிந்தது. கூட்டமும் மூன்றாம் சீசனில் ஏழாயிரத்துக்குக் கீழே இறங்கியது. நட்சத்திர ஆட்டக்காரர்களே சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2003 செப்டம்பர் 15 அன்று லீக் மூடப்பட்டது. அதே நாட்டில் அடுத்த உலகக் கோப்பை தொடங்க அப்போது ஐந்தே நாள் இருந்தது.

இறுதியாட்டத்துக்கு வருகிற கூட்டம் வேறு, சாதாரண சனிக்கிழமைக்கு வருகிற கூட்டம் வேறு. கல்யாணத்துக்கு வந்த ஆயிரம் பேரை நம்பி யாராவது தினம் ஆயிரம் இலை போடுவார்களா? வூசா அதைத்தான் செய்தது.

2009இல் வந்த இன்னொரு லீக்கும் மூன்று சீசனில் முடிந்தது. 2013இல் தொடங்கிய தேசிய பெண்கள் கால்பந்து லீக் மட்டும் நிலைத்தது. காரணம் எளிது: தேசிய அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்தை அமெரிக்க, கனடா, மெக்சிகோ சம்மேளனங்கள் ஏற்றுக்கொண்டன. கிளப்புகளின் பெரிய செலவு ஒன்று இறங்கியது. சின்னதாகத் தொடங்கி, சகித்துக்கொண்டு இருந்தார்கள். 2023 நவம்பரில் அந்த லீக் போட்ட தொலைக்காட்சி ஒப்பந்தம் நாலு வருஷத்துக்கு 24 கோடி டாலர். அதாவது வருஷத்துக்கு ஆறு கோடி. முன்பு வூசா ஒரே வருஷத்தில் செலவழித்த நாலு கோடி ஞாபகம் இருக்கிறதா? இப்போது அதைவிட அதிகம் திரையிலிருந்து மட்டுமே வருகிறது. 2024இல் கேன்சஸ் சிட்டி அணி தனக்கென்றே ஒரு மைதானம் கட்டியது. 11,500 இருக்கைதான். அந்த அளவைத் தேர்ந்தெடுத்ததில்தான் புத்திசாலித்தனம்.

ஐரோப்பாவின் பெரிய எண்களையும் இந்தக் கண்ணால் பாருங்கள். 2022 மார்ச்சில் பார்சிலோனா பெண்கள் அணி ரியல் மாட்ரிட்டோடு ஆடியபோது கேம்ப் நோ மைதானத்தில் 91,553 பேர். அதே அணி வழக்கமாக ஆடியது 6,000 பேர் உட்காரும் மைதானத்தில். ஒரு கிளப்பின் பலத்தை அறிய, நான் அந்த ஆறாயிரம் வாரந்தோறும் நிரம்புகிறதா என்றுதான் பார்ப்பேன்.

நம்மூருக்கு வருகிறேன். மதுரையின் சேது எஃப்.சி. 2019 மே மாதம் இந்தியப் பெண்கள் லீக்கில் சாம்பியன் ஆனது. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றார்கள். எங்கே? பஞ்சாபின் லூதியானாவில். அந்தக் காலத்தில் எல்லா அணிகளையும் ஒரே ஊருக்கு வரவழைத்து, சில வாரங்களில் முடித்துவிடுவார்கள். செலவு குறையும், உண்மைதான். ஆனால் மதுரைக்காரர் ஒருவருக்குத் தன் ஊர் அணி சாம்பியன் ஆவதைக் கேலரியில் உட்கார்ந்து பார்க்க வழியே இல்லை. ரசிகர் எங்கிருந்து பிறப்பார்?

அந்த அணியில் ஆடிய கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் இதே சென்னைத் தெருக்களில் முகக்கவசத்தோடு பணியில் நின்றார். நம் பெண் ஆட்டக்காரர்களுக்கு நெடுங்காலம் சோறு போட்டது லீக் அல்ல, போலீசும் ரயில்வேயும்தான். அந்த வேலையை யாரும் குறை சொல்ல வேண்டாம், அது இல்லாவிட்டால் பலர் இருபத்திரண்டு வயதில் பூட்ஸைக் கழற்றியிருப்பார்கள்.

2023-24 சீசனில் இரண்டு விஷயங்கள் மாறின. ஆட்டங்கள் சொந்த ஊர், வெளியூர் முறைக்கு வந்தன. ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று சம்மேளனம் விதித்தது. மாதக் கணக்கில் 27,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பெரிய தொகை இல்லை, ஆனால் தாளில் எழுதிய தொகை. இடிப்பது இன்னொன்று. அந்த சீசனில் ஏழு அணிகள் என்பதால் ஒரு அணிக்குச் சொந்த மண்ணில் ஆறே ஆட்டம்தான் கிடைத்தது. இப்படிக் கிடைக்கிற கொஞ்ச ஆட்டங்களையும் வேலை நாளில் பிற்பகல் வெயிலில் வைத்தால், ஓடுபாதை தாண்டித் தூரத்தில் இருக்கிற கேலரியில் ஆட்டக்காரர்களின் அப்பா அம்மாதான் இருப்பார்கள். அதைப் படம் எடுத்துக் காட்டும் சேனலுக்கும் எதிர்ப்பக்கத்துக் காலி நாற்காலிகள்தான் கிடைக்கும். அதனால் இங்கே கிளப் நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஐயாயிரம் பேர் கொள்ளும் ஒரு திடலைப் பிடியுங்கள், விளக்கு வெளிச்சத்தில் ஞாயிறு மாலை ஆறு மணி என்று ஒரே நேரத்தை அறிவியுங்கள், இரண்டு சீசனுக்கு அதை மாற்றாதீர்கள்.