ஒரு பத்தி, இரண்டு தமிழாக்கம்: என்ன கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் இரண்டு மொழியும் புழங்கும் வாசகர் வட்டங்களிலும் பள்ளிகளிலும் ஒரு பயிற்சி நடப்பதுண்டு. ஒரே மலையாளப் பத்திக்கு இரண்டு தமிழாக்கங்களை எடுத்துவைத்துப் பேசுவது. பேச்சு பெரும்பாலும் "எது நன்றாக இருக்கிறது?" என்ற கேள்வியில் தொடங்கும். கை தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்ததும் பேச்சு முடிந்துவிடும். அந்தக் கேள்வி சுவையைக் கேட்கிறதே தவிர, பத்தியைப் பார்க்க வைப்பதில்லை. பத்தியைப் பார்க்க வைக்கும் கேள்விகளை எப்படி அமைப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

இந்த உரைக்காக எழுதிய ஆறே வாக்கியங்கள். மலையாளத்தில் இப்படி இருக்கும்:

"அம்மாவன் வந்நு. உம்மறத்திருந்நு. வெள்ளம் சோதிச்சு. குடிச்சில்ல. 'எனிக்கு அவகாசமொந்நும் வேண்ட' என்நு பறஞ்ஞு. அம்மைக்கு விஷமமாயி."

முதல் தமிழாக்கம்: "மாமா வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை. 'எனக்குப் பங்கு ஒன்றும் வேண்டாம்' என்றார். அம்மாவுக்கு வருத்தமாகிவிட்டது."

இரண்டாவது: "தாய்மாமன் வந்தான். முகப்பில் அமர்ந்தான். குடிக்க நீர் கேட்டான். ஆனால் குடிக்கவில்லை. 'எனக்கு எந்த உரிமையும் தேவையில்லை' என்று சொன்னான். அம்மாவின் மனம் கனத்தது."

மூலத்தை முதலில் காட்டாதீர்கள். நம் பக்கத்தில் இது முக்கியம். மலையாளம் தெரிந்தவர் மூலத்தைப் படித்துவிட்டால், தமிழில் விட்டுப்போனதைத் தம் நினைவிலிருந்தே நிரப்பிக்கொள்வார். ஓட்டை இருப்பதே அவர் கண்ணுக்குப் படாது. முடிந்தால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மலையாளம் அறியாத ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு எங்கே தட்டுகிறதோ அங்கேதான் பேச வேண்டியது இருக்கிறது.

முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: "கதை சொல்பவர் யார்? மாமனோடு அவருக்கு என்ன உறவு? எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறீர்கள்?" கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் ஆளுக்கொரு கற்பனைதான் மிஞ்சும். 'அம்மா' என்ற சொல்லைக் கொண்டு, பேசுவது அந்த வீட்டுப் பிள்ளை என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். அப்போது இரண்டாவது தமிழாக்கத்தின் 'வந்தான்' உறுத்தத் தொடங்கும். தாயின் அண்ணனையோ தம்பியையோ பிள்ளை 'வந்தான்' என்று சொன்னால், அங்கே பகை இருக்க வேண்டும்.

இப்போது மூலத்தைக் காட்டுங்கள். மலையாள வினைமுற்றில் ஆண், பெண், ஒருமை, மரியாதை எதையும் காட்டும் விகுதி இல்லை. 'வந்நு' என்றால் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது எல்லாமே. மாமன் மேல் அந்தப் பிள்ளைக்கு மரியாதையா மனத்தாங்கலா என்பதை மூலம் சொல்லாமலே நகர்கிறது. தமிழில் அப்படி நகர முடியாது. விகுதி போட்ட கையோடு ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். 'வந்தார்' என்று எழுதியவர் இயல்பான பக்கம் சாய்ந்தார், ஆனால் மனத்தாங்கலுக்கு இருந்த இடத்தை அடைத்துவிட்டார்.

ஆறு வாக்கியங்களில் நான்காவது மட்டும் வேறு மாதிரி. 'குடிக்கவில்லை' என்ற தமிழ் வடிவத்திலும் விகுதி இல்லை. அந்த ஓர் இடத்தில் தமிழும் மலையாளமும் ஒரே நிலையில் நிற்கின்றன. இதைக் குழுவே கண்டுபிடிக்கும்படி, "எந்த வாக்கியத்தில் மாமன் மேலான மரியாதை தெரியவில்லை?" என்று கேளுங்கள். கண்டுபிடித்த பின், விகுதியே வராமல் முதல் நான்கு வாக்கியங்களை எழுதச் சொல்லுங்கள். வினையெச்சம் உதவும்: "மாமா வந்து, திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டும் குடிக்கவில்லை." மரியாதைச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் நறுக்கென்று நின்று நின்று வந்த நான்கு வாக்கியங்கள் ஒன்றாகிவிட்டன. வாய்விட்டுப் படித்தால் மூலத்திலிருந்த இறுக்கம் தளர்ந்தது காதுக்கே தெரியும். எது போனால் பரவாயில்லை என்பதுதான் இங்கே பேச்சு. இரண்டாவது தமிழாக்கத்தில் நுழைந்த 'ஆனால்' என்ற சொல்லையும் இதே முறையில் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கேட்டதற்கும் குடிக்காததற்கும் நடுவிலிருந்த மௌனத்தை அது பேசித் தீர்த்துவிடுகிறது.

அடுத்து 'அவகாசம்'. தமிழில் அது நேரம், தவணை. மலையாளத்தில் உரிமை, சொத்துப் பங்கு. இப்படி இரண்டு மொழியிலும் வேறுவேறாகப் பொருள்படும் சொற்களைப் பட்டியல் போடுவதிலேயே பல வட்டங்கள் ஒரு மாலையைக் கழித்துவிடுகின்றன. 'வெள்ளம்' என்பதைப் பெருவெள்ளம் என்று இங்கே எவரும் எழுதப்போவதில்லை. அதில் நிற்க வேண்டாம். கேட்க வேண்டியது வேறு: "பங்கு என்று படிக்கும்போது எந்த வீட்டுச் சொத்து என்று நினைத்தீர்கள்? உரிமை என்று படிக்கும்போது எதன் மேல் உரிமை?"

விடைகள் இரண்டும் மூலத்திலிருந்து விலகியே வரும். 'உரிமை' என்று தாய்மாமன் வாயில் வந்தால், தமிழ் வாசகருக்குப் பெண் கேட்கும் உரிமை நினைவுக்கு வரும். அக்கா மகளை மணப்பது தமிழ்நாட்டில் பல சமூகங்களில் முறைதான். மூலத்தில் கல்யாணப் பேச்சே இல்லை. 'பங்கு' பொருளைச் சரியாகத் தருகிறது, ஆனால் தமிழ் வாசகர் அந்த வீட்டைத் தந்தை வீடாக எடுத்துக்கொள்வார். அங்கே மாமனுக்கு எப்படிப் பங்கு வந்தது என்று விழிப்பார்.

கேரளத்து மருமக்கத்தாயக் குடும்பங்களில் தறவாடு என்னும் கூட்டுக் குடும்ப வீடு தாய்வழியில் இறங்கி வந்தது. அது அம்மாவின் வீடு, அம்மாவனின் வீடும்கூட. அவருடைய சொந்தப் பிள்ளைகளுக்கு அங்கே பங்கு இருக்கவில்லை. அந்தக் கூட்டுக் குடும்ப முறையை நீக்கும் 1975ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. கதையைத் தறவாட்டில் நடப்பதாக வாசிக்கும் மலையாளிக்கு, பிறந்த வீட்டையே ஒருவர் கைவிடுகிறார் என்பது ஒரு சொல்லில் கேட்டுவிடும். அவர் உள்ளே போகாமல் உம்மறத்திலேயே இருந்ததும், கேட்ட தண்ணீரைத் தொடாததும் அதோடு சேர்ந்துகொள்ளும். எல்லாம் ஒன்றையே சொல்கின்றன. திண்ணையா முகப்பா என்று சொல்லளவில் வாதாடுவதைவிட, அவர் வாசலோடு நின்றுவிட்டார் என்பது இரண்டிலும் தெரிகிறதா என்று கேட்பது மேல். திண்ணையில் வழிப்போக்கரும் உட்காரலாம் என்பதால் அங்கே அந்த விலகல் சற்றுக் கூடுதலாகவே தெரிகிறது.

கடைசி வாக்கியத்துக்கு அதிக நேரம் வேண்டாம். மலையாள 'விஷமம்' தமிழ்க் குறும்பு அல்ல, மனக்கஷ்டம். 'வருத்தமாகிவிட்டது' மூலத்தைப் போலவே எளிய பேச்சு. 'மனம் கனத்தது' என்பதில் எழுத்தாளர் தெரிகிறார், பிள்ளை தெரியவில்லை. "இந்த வாக்கியத்தை ஒரு பிள்ளை சொல்வானா?" என்று கேட்டால் போதும்.

முடிவில் ஒரு வேலை கொடுங்கள். அடிக்குறிப்பு கூடாது, மூன்று சொற்களுக்கு மேல் சேர்க்கவும் கூடாது, அது மாமனின் வீடும்தான் என்று ஐந்தாவது வாக்கியத்தில் தெரிய வேண்டும். 'இந்த வீட்டில்', 'நம் வீட்டில்', 'தறவாட்டில்' என்று பலவாறு எழுதுவார்கள். 'தறவாட்டில்' என்ற சொல் பொள்ளாச்சிக்காரருக்குப் புரிகிறதா என்று அவரையே கேளுங்கள். 'நம் வீட்டில்' என்று எழுதியவரிடம், கைவிட்டுப் போகிறவர் 'நம்' என்று சொல்வாரா என்று கேளுங்கள்.