இலைச் சாப்பாட்டு விலையும் பாகற்காயும்

(சுங்கை சிப்புட்டில் உணவுக்கடைக்காரர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இந்த மண்டபத்தைக் கட்டணம் வாங்காமல் கொடுத்த கோயில் நிர்வாகத்தின் தலைவர் அவர்களே, சட்டமன்ற உறுப்பினரின் சார்பில் வந்திருக்கும் அன்பர் அவர்களே, மகாத்மா காந்தி கலாசாலையிலிருந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, மகளிர் பகுதியின் தலைவி அவர்களே, ஒலிபெருக்கியை இரண்டு தடவை சரி செய்துகொடுத்த தம்பி, கடையை மூடிவிட்டு வந்திருக்கும் முதலாளிகளே, மூடாமல் மனைவியை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கும் முதலாளிகளே, அனைவருக்கும் வணக்கம். மேடையில் யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொன்னாடையைக் கடைசியில் போர்த்தலாம் என்று செயலாளரிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை. அதிலேயே கால் மணி நேரம் போய்விட்டது.

ஒரே விலைக்குப் போடுகிற செட் சாப்பாட்டைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஒன்று, இலையில் அள்ளிப் போடும் காய்கறி. இரண்டு, ஒரே விலையில் கோழியா ஆடா என்று வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. மூன்று, தாப்பாவ் பொட்டலம். எங்கள் அப்பா ஒரு பழமொழியைச் சொல்லிக்கொண்டே இருப்பார்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. அதை இன்றைக்குப் பல தடவை கேட்பீர்கள்.

இந்த ஊரில் ஒரு அண்ணன் கடை வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம், மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். (சிரிப்பு) பன்னிரண்டு வெள்ளிக்கு இலைச் சாப்பாடு. சோறு, மூன்று காய்கறி, ஒரு துண்டு கோழிப் பிரட்டல், அப்பளம், ஊறுகாய், பருப்பு, மீன் குழம்பு, ரசம், மோர். கடை எப்போதும் நிறைந்திருக்கும். மாதக் கடைசியில் மட்டும் கல்லாவில் ஒன்றும் நிற்காது. அண்ணன் கோழி மேல் சந்தேகப்பட்டார். அதில் நியாயமும் இருந்தது. 2023 நவம்பர் 1 முதல் கோழிக்கு உச்சவரம்பு விலையும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. கிலோ 9 வெள்ளி 40 காசு என்று அரசாங்கம் கட்டிவைத்திருந்த விலை அன்றோடு போயிற்று. அதனால் ஒரு கோழியைப் பன்னிரண்டாக வெட்டிக்கொண்டிருந்தவர் பதினான்காக வெட்டினார். தொடைத் துண்டைச் சட்டியின் அடியில் ஒளித்தார். கரண்டி பிடிக்கிற பையனிடம் "தொடை கேட்டால் முடிந்துவிட்டது என்று சொல்" என்றார். பையனோ சட்டியைக் கிளறி எடுத்து வாடிக்கையாளரிடமே காட்டி, "இருக்குண்ணே, ஆனா முடிஞ்சு போச்சுன்னு சொல்லச் சொன்னாரு" என்றான். (பெரும் சிரிப்பு)

ஒரு சனிக்கிழமை, தோட்டத்திலிருந்து ஒரு லாரி நிறையப் பந்து விளையாட்டுக் குழு வந்து இறங்கியது. ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்தவர்கள். ஜெயித்தவன் கூடக் கொஞ்சம் பேசிக்கொண்டு சாப்பிடுவான், தோற்றவன் பேசவே மாட்டான், சாப்பிடுவான். உட்கார்ந்ததும் ஒரே குரல்: "அண்ணே, பாகற்காய்!" மொறுமொறுவென்று வறுத்த பாகற்காய் அந்தக் கடையின் பெருமை. போட்டார்கள், காலி. இன்னொரு கரண்டி, அதுவும் காலி. முட்டைக்கோஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. கோல் காத்த பையன் சோறே வாங்காமல் பாகற்காயை மட்டும் தின்றுகொண்டிருந்தான். கூட வந்த மண்டோர், "டேய், பந்தை இப்படிப் பிடிச்சிருந்தா ஜெயிச்சிருப்போமேடா!" என்றார். (கைதட்டல்) அண்ணனுக்கு அப்போதும் சந்தோஷம்தான், கடை நிறைந்திருக்கிறதே! கல்லாவில் இருந்த அண்ணிதான் சட்டியைப் பார்த்தார். கோழி, இலைக்கு ஒன்று என்று கணக்காய்ப் போயிருக்கிறது. பாகற்காய்ச் சட்டி துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. அன்று இரவு அண்ணி ஒரு காரியம் செய்தார். மிச்சமிருந்த இலையை எண்ணினார்.

சரி, அண்ணி என்ன கணக்குப் போட்டார் என்று சொல்கிறேன். செட் சாப்பாட்டில் எண்ணிப் போடுவது ஒரு வகை, அள்ளிப் போடுவது இன்னொரு வகை. கோழித் துண்டு, முட்டை, அப்பளம் எல்லாம் எண்ணிக்கை. விலை ஏறினாலும் எவ்வளவு ஏறியது என்று தெரிந்துவிடும். காய்கறியும் குழம்பும் அள்ளுவது. கேட்கக் கேட்கப் போடுவோம், அதனால் ஒரு இலைக்கு எவ்வளவு போயிற்று என்று யாருக்கும் தெரியாது. லாபம் ஓடுவது அந்தப் பக்கம்தான்.

இதை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். காலையில் இலையை எண்ணி வையுங்கள், இரவில் மிச்சத்தை எண்ணுங்கள். கிழிந்ததைக் கழித்தால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று வந்துவிடும். அன்றைக்கு ஒவ்வொரு காய்க்கும் எண்ணெயோடு சேர்த்து என்ன செலவானதோ அதை இலையின் எண்ணிக்கையால் வகுங்கள். இரண்டாம் கரண்டி, மூன்றாம் கரண்டி எல்லாம் தானாகவே அதற்குள் வந்துவிடும். 'ஒரு கரண்டி இவ்வளவு' என்று சமையலறையில் உட்கார்ந்து போடுகிற கணக்கு முதல் கரண்டிக்கு மட்டும்தான் சரி.

அண்ணனின் கடையில் ஒரு நாளைக்கு 80 இலை. விலைகளை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன், உங்கள் கடை விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பாகற்காய் 10 கிலோ, 60 வெள்ளி. வறுக்கிற எண்ணெய் 25. மொத்தம் 85. முட்டைக்கோஸ் எல்லாம் சேர்த்து 30, பரங்கிக்காய் 30. ஆக, காய்கறிக்கு 145 வெள்ளி. இலைக்கு 1 வெள்ளி 81 காசு. கோழித் துண்டு மசாலாவோடு 1 வெள்ளி 80 காசு. அண்ணன் ஒளித்து ஒளித்து வைத்த கோழியும், யாரும் கவனிக்காத காய்கறியும் ஒரே செலவு! அதிலும் பாதிக்கு மேல் பாகற்காய்.

பாகற்காய் ஏன் இப்படித் தின்கிறது? விதையை எடுக்கிறோம், உப்புப் போட்டுப் பிழிகிறோம், எண்ணெயில் போட்டதும் மிச்ச நீரும் போகிறது. மொறுமொறுப்பு என்பதே நீர் போனதுதான். கடைசியில் தட்டில் நிற்பது வாங்கிய எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், அதுவும் எண்ணெய் குடித்த எடை. பரங்கிக்காய்க் கூட்டு அப்படியில்லை, தண்ணீரும் பருப்பும் சேர்ந்து சட்டியில் கூடும். கிலோ விலையைப் பார்த்து 'இரண்டு காயும் கிட்டத்தட்ட ஒன்றுதான்' என்று நினைப்பவர் ஏமாந்து போவார். சமைத்து இறக்கிய எடையைப் பாருங்கள்.

அண்ணி பாகற்காயை நிறுத்தவில்லை. நிறுத்தினால் லாரி வராது. சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் இலைக்கு ஒரு தடவை வைத்தார், இன்னும் வேண்டுமென்றால் தனித் தட்டு 2 வெள்ளி. அள்ளும் பக்கத்திலிருந்து அதை எண்ணும் பக்கத்துக்கு மாற்றிவிட்டார், அவ்வளவுதான். இலையில் விழுவதற்கு இப்போது 4 கிலோ போதும், எண்ணெயோடு 34 வெள்ளி. முட்டைக்கோஸும் பரங்கிக்காயும் கேட்கக் கேட்கப் போடச் சொன்னார், அவை 36, 36 ஆக ஏறின. மொத்தம் 106. ஒரு நாளைக்கு 39 வெள்ளி மிச்சம். மாதம் 26 நாள் கடை என்றால் 1,014 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆகிவிட்ட இந்தக் காலத்தில் ஒரு ஆளின் சம்பளத்தில் பாதிக்கு மேல். சாப்பாட்டின் விலை பன்னிரண்டு வெள்ளியாகவே இருந்தது, கோழியும் திரும்பப் பன்னிரண்டு துண்டானது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

ஒரு எச்சரிக்கை. மூன்று காயையும் மலிவாகப் போட்டால் கணக்கு அழகாக இருக்கும், ஆனால் மறுவாரம் மேசை காலியாக இருக்கும். ஒரு காய் ஆளை இழுக்க வேண்டும், இரண்டு காய் வயிற்றை நிரப்ப வேண்டும். இழுக்கிற காய்க்கு அளவு, நிரப்புகிற காய்க்குத் தாராளம். 2023-இல் வந்த ரஹ்மா மெனுவைச் சிலர் கேட்கிறார்கள், 5 வெள்ளிக்கு எப்படி முடிகிறது என்று. அந்தத் தட்டைப் பாருங்கள். சோறு அளவு, ஒரு துண்டு, ஒரு காய். இரண்டாம் கரண்டி கிடையாது. நம் இலைச் சாப்பாட்டை அதோடு ஒப்பிடவே முடியாது.

இரண்டாவது விஷயம். 'ஒரே விலை, கோழியோ ஆட்டிறைச்சியோ உங்கள் விருப்பம்' என்று எழுதி மாட்டியிருக்கிறீர்களே, அது. கோழித் துண்டு 1 வெள்ளி 80, ஆட்டுப் பிரட்டல் 4 வெள்ளி 80 என்று வையுங்கள். வித்தியாசம் 3 வெள்ளி. சாதாரண நாளில் 80 பேரில் 20 பேர் ஆடு கேட்பார்கள், 60 வெள்ளி கூடுதல் செலவு, தாங்கிவிடும். தோட்டத்தில் சம்பளம் போட்ட சனிக்கிழமை 50 பேர் கேட்பார்கள். செலவு 150. இரண்டு நாளும் கல்லாவில் 960 வெள்ளிதான். அதே கூட்டம், அதே வசூல், கையில் நிற்பதில் 90 வெள்ளி குறைவு. 'இன்றைக்கு வியாபாரம் நல்லா இருந்துச்சே!' என்று தலையைச் சொறிவது இந்த நாளில்தான். சராசரி போட்டு விலை வைத்தால், எந்த நாளின் சராசரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்பள வாரத்தையும் சாதாரண வாரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். இல்லையென்றால் கோழிக்கு விலை வைத்து, ஆட்டுக்கு மேல் 3 வெள்ளி என்று எழுதிவிடுங்கள், யார் எதைத் தேர்ந்தெடுத்தாலும் உங்களுக்கு நிற்பது ஒன்றுதான்.

தாப்பாவ் கணக்குக்கு வருவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இவ்வளவு அளந்தும் 10 கிலோ வாங்குகிறவனுக்குக் கிடைக்கிற விலை 10 கிலோ விலைதான். நம் ஊரில் இத்தனை கடை, ஒவ்வொருவரும் தனித்தனியாக வெங்காயம், தனித்தனியாக எண்ணெய், தனித்தனியாகக் கோழி. ஈப்போ மொத்தச் சந்தைக்கு ஐந்து கடைக்காரர் ஐந்து வேனில் போகிறோம், வழியில் ஒருவருக்கொருவர் ஹாரன் அடித்துக்கொள்கிறோம்! (சிரிப்பு) கேமரன் மலை முட்டைக்கோஸை ஐந்து பேரும் ஒரே ஆளிடம் ஐந்து விலைக்கு வாங்குகிறோம்.

இந்த ஊரில் பிறந்தவர் துன் சம்பந்தன். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தான், அந்தப் பணத்தில் தோட்டமே வாங்கினார்கள். பால் மரம் சீவியவர்கள் தோட்டம் வாங்கிய ஊரில், நாம் சேர்ந்து வெங்காயம் வாங்க முடியாதா? இரண்டு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கோயில் கூட்டத்திலும் கேட்டேன், கல்யாண வீட்டிலும் கேட்டேன். 'யார் கையில் பணம் இருப்பது?' என்ற கேள்வியிலேயே ஒவ்வொரு தடவையும் நிற்கிறது. யார் கையிலும் வேண்டாம். முதலில் மூன்றே பொருள்: வெங்காயம், சமையல் எண்ணெய், கோழி. சீக்கிரம் அழுகாதது, கெடாதது, எல்லாரும் வாங்குவது. கோழி மட்டும் கெடும், ஆனால் அதை வியாபாரியே கடைக்குக் கொண்டுவந்து போடுவார். அவரவர் பணத்தை அவரவரே வியாபாரியிடம் கட்டுங்கள். விலை மட்டும் ஒன்றாகப் பேசுவோம். ஆனால் விலை பேசப் போகிறவன் கையில் கணக்கு வேண்டும். உங்கள் கடைக்கு வாரத்துக்கு எத்தனை கிலோ என்று உங்களுக்கே தெரியாவிட்டால் வியாபாரி எதை நம்பி விலை குறைப்பார்? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று அப்பா சொன்னது இதற்கும்தான்.

தாப்பாவ் கணக்குக்கு நேரமில்லை, மன்னிக்கவும். சுருக்கமாகச் சொன்னால் பொட்டலத்தில் இரண்டாம் கரண்டி இல்லை, அதனால் அதன் கணக்கே வேறு. அடுத்த கூட்டத்தில் பார்ப்போம். வாசலில் மேசை மேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கடைப் பெயர், வாரத்துக்கு வெங்காயம் எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை டின், கோழி எத்தனை. தெரியாதவர்கள் இன்றைக்குப் பெயரை மட்டும் எழுதுங்கள், ஒரு வாரம் எழுதிப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் கோயில் அலுவலகத்தில் கொடுங்கள். மூன்றாவது வரிசை அண்ணன் பெயரை அண்ணி ஏற்கனவே எழுதிவிட்டார். வணக்கம்.