கணக்கு களவு போனால் முதல் அரைமணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரவிக்கை தைக்கும் ஓர் அக்காவுக்கு ஆர்டரெல்லாம் இன்ஸ்டாகிராமில்தான் வரும். ஒருநாள் இரவு, தெரிந்தவர் கணக்கிலிருந்து ஒரு செய்தி: "போட்டியில் இருக்கிறேன், உங்களுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை அனுப்புங்கள்." அனுப்பினார். சற்று நேரத்தில் கணக்கு கைவிட்டுப் போனது. திருடன் அவர் பேரில் அவசரம் என்று சொல்ல, வாடிக்கையாளர் ஒருவர் நாலாயிரம் ரூபாய் போட்டுவிட்டார்.

பதற்றத்தில் அக்கா அந்தச் செய்தியை அழிக்கப் போனார். தடுத்தோம். வழக்கின் முதல் துப்பே அதுதான்.

அடுத்து மின்னஞ்சலைத் திறந்தோம். security@mail.instagram.com என்ற முகவரியிலிருந்து, உங்கள் மின்னஞ்சல் மாற்றப்பட்டது என்று ஒரு கடிதம் வந்திருந்தது. மாற்றியது நீங்கள் இல்லையென்றால் திரும்பப் பெற அதிலேயே ஓர் இணைப்பு இருக்கும். அதை உடனே முயலுங்கள்; ஆனால் கடிதத்தை அழிக்காதீர்கள். எத்தனை மணிக்குக் களவு நடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்த நேரத்தில் கணக்கில் நுழைந்தது எந்த ஐபி முகவரி என்று போலீஸார் இன்ஸ்டாகிராம் நிறுவனத்திடம் கேட்க முடியும். "ராத்திரி ஒன்பது மணி இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னால் தேடுவது கடினம்.

ஸ்கிரீன்ஷாட்டில் பலர் தவறுவது இங்கேதான். பேச்சு மட்டும் தெரியும்படி வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். மேலே கணக்கின் பெயர் தெரிய வேண்டும். இன்ஸ்டாகிராம் உரையாடலை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு செய்தியின் நேரமும் தெரியும். அந்த நிலையில் எடுங்கள். திருடன் பயனர் பெயரை மாற்றிவிட்டால் பழைய இணைப்பு வேலை செய்யாது. அதனால் கணக்கின் முகப்புப் பக்கத்தின் முழு முகவரியையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். பெயர் மாறிவிட்டதா? ஏற்கெனவே உங்களோடு பேசிய வாடிக்கையாளரின் போனில் பழைய உரையாடலைத் திறந்தால், பெரும்பாலும் புதுப் பெயர் அங்கே தெரியும்.

பணம் போட்டவர் தன் பங்குக்கு 1930க்கு உடனே பேச வேண்டும். யுபிஐ ரசீதில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்பார்கள். பணம் கைமாறுவதற்குள் தகவல் போனால்தான் நிறுத்தி வைக்க வழியுண்டு; அதனால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கணக்கு போனவர் cybercrime.gov.in தளத்தில் புகார் பதியலாம், சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். நம் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. பாகூரில் இருப்பவர் கடலூரில்தான் கடைகண்ணிக்குப் போவார். ஆனாலும் தளத்தில் அவர் தேர்ந்தெடுக்க வேண்டியது புதுச்சேரி. கடலூர்க்காரர் தமிழ்நாடு. பதிந்ததும் வரும் ஒப்புகை எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், படம் எடுத்த போனை இப்போதைக்கு விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நீதிமன்றத்துக்குப் போனால், எந்தக் கருவியில் எடுத்த படம் என்று சான்று தர வேண்டியிருக்கும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும். பென்டிரைவில் மூலப்படத்தையே கொடுங்கள். அந்த அக்கா அப்படித்தான் கொடுத்தார்.